அம்மாவின் போனில் ஆபத்துப் பொத்தான்: 112-க்குப் போகட்டுமா, எதிர் வீட்டுக்குப் போகட்டுமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார். பக்கத்து டீக்கடைக்காரர்தான் பெஞ்சில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, யாருக்காவது சொல்லலாம் என்று கைப்பையில் இருந்த போனை எடுத்திருக்கிறார். பேட்டர்ன் பூட்டு. நாங்கள்தான் பாதுகாப்புக்கு என்று போட்டுக் கொடுத்திருந்தோம். இருபது நிமிஷம் கழித்து வழக்கம்போல "கிளம்பிட்டியாம்மா" என்று கேட்க நான் கூப்பிட்டபோது, "சார், இந்த போனுக்குச் சொந்தக்காரம்மா உங்களுக்கு யாரு?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. சர்க்கரை வியாதி, இன்சுலின் போடுகிறார், விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால் சர்க்கரை போட்டு ஏதாவது கொடுங்கள், இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். நல்லவேளையாக நினைவு இருந்தது, பாலில்லாத டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்த இருபது நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்?

அதற்குப் பிறகு அம்மாவின் போனை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோதுதான், இதில் ஒரு வழி மட்டும் இல்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு ஆபத்துக்கு உதவுகிறது என்று புரிந்தது. அம்மாவுக்கு வயது 73, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரை உண்டு, இதய வால்வு மாற்றியதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாது. நான் சென்னையில், தங்கை துபாயில். எங்கள் தீர்மானம் இந்த வீட்டுக்குப் பொருந்தியது, உங்கள் வீட்டில் ஆள் இருப்பைப் பொறுத்து மாறும்.

முதலில் பொத்தான். ஆண்ட்ராய்டு 12-இல் இருந்து பெரும்பாலான போன்களில் பவர் பட்டனை வேகமாக ஐந்து தடவை அழுத்தினால் Emergency SOS கிளம்பும். செட்டிங்ஸில் Safety & emergency என்ற பகுதியில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறுவதால் மேலே தேடும் பெட்டியில் SOS என்று அடித்துப் பார்ப்பதுதான் சுலபம். இந்தியாவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2017 ஜனவரி 1-இல் இருந்து இங்கே விற்கும் எல்லா போனிலும் ஆபத்துப் பொத்தான் வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது, அந்த விதியில் ஸ்மார்ட்போனுக்குச் சொன்னது பவர் பட்டனை மூன்று தடவை அழுத்துவது. அதனால் சில போன்களில் மூன்று, சிலவற்றில் ஐந்து. ஐபோனில் இந்தியாவில் பக்கவாட்டு பட்டனை மூன்று தடவை அழுத்தினால் 112-க்குப் போகும், அக்சஸிபிலிட்டிக்காக மூன்று அழுத்தத்தை ஏற்கனவே வேறு வேலைக்கு வைத்திருந்தால் ஐந்து தடவை. உங்கள் அம்மா அப்பா கையில் இருக்கும் போனில் எது என்று அதன் செட்டிங்ஸில் பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இன்னொருவர் போனில் பார்த்ததை நம்பிச் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான கேள்வி: அழுத்தினால் யாருக்குப் போக வேண்டும்? ஆண்ட்ராய்டில் எண்ணை அழைப்பதையும் குடும்பத்துக்கு இருப்பிடத்தோடு எஸ்எம்எஸ் அனுப்புவதையும் பெரும்பாலும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே மூன்று வழி: 112 மட்டும், குடும்பம் மட்டும், இரண்டும்.

112-இன் பலம், அது எப்போதும் எடுக்கப்படும் எண், போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொது. பயணத்தில், தெரியாத ஊரில், வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டால் இதற்கு நிகர் கிடையாது. ஆனால் எடுத்தவரிடம் பேச வேண்டும், எந்தத் தெரு, என்ன ஆச்சு என்று சொல்ல வேண்டும். மூச்சு முட்டும்போது அம்மாவால் அது முடியுமா என்பதுதான் என் சந்தேகம். அடுத்தது தவறான அழைப்பு. இது கற்பனைப் பயம் இல்லை, 2023 ஜூனில் இங்கிலாந்தில் ஆண்ட்ராய்டின் இந்த ஐந்து அழுத்த வசதியால் அவசர எண்ணுக்குப் பேச்சில்லாத அழைப்புகள் குவிகின்றன என்று அந்நாட்டுக் காவல்துறைத் தலைவர்களின் அமைப்பே வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. அம்மாவின் போனிலும் முதல் வாரத்திலேயே கைப்பைக்குள் மூக்குக் கண்ணாடிக் கூடு பட்டனில் இடித்து இரண்டு தடவை சைரன் அடித்தது. இரண்டாவது தடவை கோயில் வரிசையில். "இந்தச் சனியனை எடுத்துப் போடுடா, எல்லாரும் என்னையே பாக்கறாங்க" என்றார். வெட்கப்பட்டுப் போய் அம்மாவே அணைத்துவிட்டால், அந்த வசதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

குடும்பத்துக்கு மட்டும் என்றால் இந்தக் கூச்சம் இல்லை, தப்பாக அழுத்தினாலும் எங்களுக்குத்தானே வரும். வாயைத் திறக்க முடியாவிட்டாலும் இருப்பிடம் வரும். குறை என்னவென்றால், நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் யாரும் பார்க்கமாட்டோம். இதற்கு வழி உண்டு, பிறகு சொல்கிறேன்.

இந்த மூன்றும் இல்லாமல் இன்னொரு வழியும் உண்டு: ஸ்மார்ட்போனே வேண்டாம், பின்பக்கம் பெரிய SOS பட்டன் உள்ள முதியோருக்கான கீபேட் போன். அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் சைரன் அடித்து, நாம் சேமித்த எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடும், ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். சார்ஜ் பல நாள் நிற்கும், கண் சரியாகத் தெரியாதவர்களுக்கும் விரலில் தடவிப் பார்த்தே பட்டன் கிடைத்துவிடும். நான் இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன், 80 தாண்டியவர்களுக்கு, தொடுதிரை பழகாதவர்களுக்கு, இதுதான் சரி. ஆனால் இருப்பிடம் மேப்பில் வராது, மருத்துவக் குறிப்பு திரையில் காட்டாது. அம்மா வாட்ஸாப்பில் பேத்தியைப் பார்க்காமல் இருக்கமாட்டார் என்பதால் எங்களுக்கு இது ஒத்துவரவில்லை. சாதாரண கீபேட் போன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதே 2017 விதிப்படி 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போகும். மகன் நம்பரை அந்த இரண்டு எண்ணில் ஸ்பீடு டயலாக வைக்கப் பார்க்காதீர்கள், 2, 3, 4 என்று வையுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு, ஐந்து அழுத்தத்தைக் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, 112-ஐத் தானாக அழைப்பதை நிறுத்தினோம். பூட்டுத் திரையில் இருக்கும் Emergency call வழியாக 112-ஐ எப்போதும் அழைக்கலாம், அதை அம்மாவுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தோம். எதிர் வீட்டில் பகலும் இரவும் ஆள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டுச் சாவியும் அவர்களிடம் ஒன்று உண்டு, அந்த நம்பிக்கையில்தான் இது. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாமல் இருக்கும் பெற்றோருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன், அங்கே இரண்டும் போகட்டும், அவ்வப்போது தப்பாகப் போனாலும் பரவாயில்லை. தப்பாக 112-க்குப் போய்விட்டால் பயந்து வெட்டிவிடக் கூடாது, "தெரியாமல் அழுத்திவிட்டேன், ஆபத்து ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் திரும்பக் கூப்பிட்டு நேரம் செலவழிப்பார்கள்.

பொத்தானைப் பழக்கியதைச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் செட்டிங்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து அம்மா அழுத்திப் பார்த்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று எண்ணி எண்ணி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் விரலை எடுத்துப் பார்த்து. கேமரா திறந்துகொண்டது. இதுதான் அடையாளம்: பல போன்களில் இரண்டு தடவை அழுத்தினால் கேமரா, ஆகவே கேமரா வந்தாலோ, திரை அணைந்து அணைந்து எரிந்தாலோ, அழுத்தும் வேகம் போதவில்லை. மூட்டுவலி இருக்கும் கட்டைவிரலால் அந்த வேகம் வராது. போனை இடது உள்ளங்கையில் வைத்து, வலது ஆள்காட்டி விரலால் தட்டச் சொன்னேன், எண்ண வேண்டாம், சைரன் கேட்கும்வரை டொக்டொக்கென்று தட்டிக்கொண்டே இரு என்றேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். ஆறேழு தட்டானாலும் பாதகமில்லை. தடிமனான ரப்பர் கவர் பட்டனை மூடிக்கொண்டிருந்தது, அதை மாற்றிப் பட்டன் வெளியே தெரியும் கவர் போட்டோம். கேமரா குறுக்குவழியையும் அணைத்துவிட்டோம்.

இதைவிடப் பெரிய விஷயம், தட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பது. சில ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு தேர்வு இருக்கும். ஒன்றில், திரையில் வரும் வட்டத்தை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால்தான் தொடங்கும். மற்றதில் ஐந்து வினாடி எண்ணிவிட்டுத் தானாகத் தொடங்கும். முதலாவது தவறான அழைப்பைத் தடுக்கும் என்பதால் கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் கை நடுங்குபவருக்கு, கண்ணாடி போடாதவருக்கு அது சுவர் மாதிரி. பெரியவர்களுக்கு இரண்டாவதுதான். சைரன் சத்தம் கேட்டால் தப்பென்று தெரிந்து நிறுத்த அந்த ஐந்து வினாடி போதும், இப்போது அம்மா கைப்பைக்குள் தனி ஜிப் அறையில் போனை வைப்பதால் அதுவும் குறைந்துவிட்டது.

அடுத்தது மருத்துவக் குறிப்பு. இங்கேயும் மூன்று இடம் உண்டு: போனுக்குள் இருக்கும் மருத்துவப் பக்கம், பூட்டுத் திரையில் எப்போதும் தெரியும் ஒரு வரி, பர்ஸில் ஒரு அட்டை. ஆண்ட்ராய்டில் Medical information என்றோ Emergency information என்றோ இருக்கும், நோய், மருந்து, ஒவ்வாமை, ரத்த வகை எல்லாம் நிரப்பலாம், பூட்டுத் திரையில் காட்டும்படி ஒரு பட்டன் தனியாக இருக்கும், அதைப் போட மறந்தால் நிரப்பியதெல்லாம் பூட்டுக்குள்ளேயே கிடக்கும். ஐபோனில் Health ஆப்புக்குள் Medical ID, அதில் Show When Locked. நிரப்பிய உடனே போனைப் பூட்டி, வேறு ஆள் எடுத்தால் எப்படிப் பார்ப்பார் என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். பூட்டுத் திரையில் Emergency என்பதைத் தட்டி, பிறகு மருத்துவப் பக்கத்தைத் தட்ட வேண்டும். பயிற்சி பெற்றவருக்குத் தெரியலாம். அந்த டீக்கடைக்காரருக்கு? அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

2005-இல் இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர், In Case of Emergency என்பதைச் சுருக்கி, போனில் ICE என்ற பேரில் உறவினர் நம்பரைச் சேமித்து வையுங்கள் என்று ஒரு யோசனை சொன்னார், அது உலகம் முழுக்கப் பரவியது. பூட்டு இல்லாத காலத்து யோசனை அது. இன்றும் பலர் அப்படிச் சேமித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், பூட்டிய போனில் அந்தப் பேர் யார் கண்ணிலும் படாது.

அதனால் என் ஓட்டு பூட்டுத் திரையில் தெரியும் வரிக்கு. பெரும்பாலான ஆண்ட்ராய்டில் பூட்டுத் திரை செட்டிங்ஸில் எழுத்து சேர்க்கும் வசதி உண்டு. ஐபோனில் அப்படி நேராக எழுத இடம் இல்லை, எழுத்து போட்ட ஒரு படத்தை வால்பேப்பராக வைக்க வேண்டும், கடிகாரமும் அறிவிப்புகளும் மறைக்காத நடுப்பகுதியில் எழுத்து வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா அடிக்கடி ரயிலில் திருப்பதி போவதால் ஆங்கிலத்தில் எழுதினோம்:

```
DIABETIC - INSULIN. BLOOD THINNER.
CALL: 94XXXXXXXX / 98XXXXXXXX
```

இவ்வளவுதான். முதல் நம்பர் எதிர் வீடு, இரண்டாவது நான். பட்டனைத் தொட்டாலே தெரிகிறது, யாரும் எதையும் தேட வேண்டாம். பேர், வீட்டு முகவரி, ஆதார் எதையும் போடவில்லை, போன் தொலைந்தால் எடுப்பவர் கண்ணிலும் இது படும் என்பதால்.

மருத்துவப் பக்கத்தில் விவரமாக எழுதினோம், அதில் ஒரு தப்பையும் செய்து திருத்தினோம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையின் பேரோடு அளவையும் எழுதியிருந்தேன். அந்த மாத்திரைக்கு ஒவ்வொரு தடவை ரத்தப் பரிசோதனை பார்த்தும் அளவை மாற்றுவார்கள், இரண்டு மாசத்தில் நான் எழுதியது பொய்யாகிவிட்டது. இப்போது பேர் மட்டும், அதோடு எதற்காகச் சாப்பிடுகிறார் என்று "செயற்கை இதய வால்வு". தலையில் அடிபட்டால் இந்த இரண்டு விவரம்தான் டாக்டருக்குத் தேவை. இன்சுலினுக்கும் அப்படித்தான், அலகு வேண்டாம், இன்சுலின் போடுகிறார் என்பது போதும். சல்பா ஒத்துக்கொள்ளாது என்பது கட்டாயம். ரத்த வகையைத்தான் எல்லோரும் முதலில் நிரப்புவார்கள், ஆனால் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் முன் அவர்களே பரிசோதித்துப் பொருத்திப் பார்ப்பார்கள், நாம் எழுதியதை வைத்து ஏற்றமாட்டார்கள். எழுதலாம், அதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

பர்ஸில் அட்டையும் வைத்தோம், ஏனென்றால் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தால் மேலே சொன்ன எதுவும் கிடையாது.

கடைசியாக யார் யாரைச் சேர்ப்பது. முதலில் நானும் தங்கையும் எங்கள் நம்பரை மட்டும் போட்டோம், பாசத்தில் செய்தது. யோசித்துப் பார்த்தால் நான் கிளம்பினால் ஆறு மணி நேரம், தங்கைக்கு விமானம். எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு நிமிஷம். அவரிடம் போய்க் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு முதல் ஆளாகச் சேர்த்தோம். செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் பேசிவைத்தோம்: முதலில் அம்மாவுக்குப் போன், எடுக்காவிட்டால் சாவியோடு நேரில், பிறகு 108. தெரு அடையாளம் சொல்லி ஆம்புலன்ஸை வழிநடத்த அவரால்தான் முடியும். மேப்பில் வரும் புள்ளி வீட்டுக்குள் இருக்கும்போது நாலு வீடு தள்ளிக்கூடக் காட்டும், எங்கள் சோதனையில் பின் தெருவைக் காட்டியது. வீட்டில்தான் இருப்பார் என்று தெரிந்தால் மேப்பை நம்பி ஓட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறோம்.

துபாய் நம்பரை எடுத்துவிட்டோம். தங்கைக்கு வருத்தம்தான். இந்தச் செய்தி எஸ்எம்எஸ்ஸாகப் போகிறது, வெளிநாட்டு எஸ்எம்எஸ் சாதாரண பிரீபெய்டு பிளானில் சேராது, தனிப் பணம் இருக்க வேண்டும். இது இன்னொரு ஓட்டையையும் காட்டியது: பிளான் காலாவதியானால் உள்ளூர் எஸ்எம்எஸ்ஸும் போகாது, எஸ்எம்எஸ்ஸே இல்லாத சின்னப் பிளான்களும் உண்டு. அம்மாவின் ரீசார்ஜை இப்போது நான் முடிவதற்கு மூன்று நாள் முன்னாலேயே போடுகிறேன். இரண்டு சிம் உள்ள போனில் எஸ்எம்எஸ் எந்த சிம்மில் போக வேண்டும் என்று நிலையாக வைத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் கேட்கும்படி விடாதீர்கள்.

தூக்கத்தின் கதைக்கு வருகிறேன். அம்மா போனை எவ்வளவு சரியாக வைத்தாலும், இரவு என் போன் சைலண்டில் கிடந்தால் என்ன பயன்? ஐபோனில் அம்மாவின் கான்டாக்டைத் திருத்தி, ரிங்டோனுக்குள்ளும் டெக்ஸ்ட் டோனுக்குள்ளும் Emergency Bypass-ஐப் போட வேண்டும், இரண்டும் தனித்தனி, நான் முதலில் ரிங்டோனில் மட்டும் போட்டுவிட்டு எஸ்எம்எஸ்ஸைக் கோட்டைவிட்டேன். ஆண்ட்ராய்டில் அம்மாவின் நம்பருக்கு நட்சத்திரம் போட்டு, Do Not Disturb-இல் நட்சத்திரம் போட்டவர்களின் அழைப்புக்கும் செய்திக்கும் அனுமதி கொடுக்கலாம். ஆனால் போனை முழுக்க சைலண்டாக்கித் தூங்கினால் அந்த அனுமதி உதவாது, சத்தத்தை வைத்துவிட்டு Do Not Disturb-ஐப் போட வேண்டும். அக்காவின் போனிலும் இதைச் செய்து கொடுத்தேன்.

சோதனையை மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, நான் ஊருக்குப் போகும்போது செய்கிறோம். அழைக்கும் எண் 112 இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அம்மாவைத் தட்டச் சொல்கிறேன். போன தடவை எனக்கு மட்டும் செய்தி வந்தது, அக்காவுக்கு வரவில்லை. பார்த்தால் அவர் நம்பரை மாற்றி இரண்டு மாசம் ஆகியிருந்தது, அம்மாவின் வாட்ஸாப்பில் புது நம்பர் இருந்தது, ஆபத்துப் பட்டியலில் பழையதே கிடந்தது. மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன். எதிர் வீட்டிலிருந்து டிங் என்று சத்தம் கேட்டது, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று அக்கா ஜன்னலில் இருந்து கையசைத்தார்.